தொலைந்த பார்சலுக்கு இழப்பீடு கேட்க வேண்டியது வாங்கியவரா, விற்றவரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளம்பிள்ளைப் பக்கம் வீட்டிலிருந்தபடியே சேலை விற்பவர்களுக்குப் பார்சல் பதிவு செய்து கொடுப்பது என் வேலை. சேலை வந்து சேரவில்லை என்றதும் வாங்கியவரும் விற்றவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். இடையில் கெடு தாண்டிவிடுகிறது. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் இந்தியாவுக்குள் போகும் பார்சலைப் பற்றியவை. வெளிநாட்டுப் பார்சலுக்கு மட்டும் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

"பணம் கட்டியவள் நான். சேலை எனக்குத்தான் வரவில்லை. அப்படியானால் கூரியரிடம் நான்தானே இழப்பீடு கேட்க வேண்டும்?"

இல்லை, விற்றவர்தான் கேட்க வேண்டும். நீங்கள் பணம் கட்டியது சேலைக்கு, கட்டியது விற்றவரிடம். கூரியர் கவுன்ட்டரில் பார்சலை நீட்டி, படிவத்தில் கையெழுத்திட்டு, கட்டணம் செலுத்தி ரசீது வாங்கியவர் அவர். கூரியர் நிறுவனத்தின் கணக்கில் வாடிக்கையாளர் என்பவர் அனுப்புநர்தான். நீங்கள் நேரில் போய்க் கேட்டாலும் "அனுப்பியவரை எழுதச் சொல்லுங்கள்" என்றுதான் பதில் வரும். அதில் தவறும் இல்லை.

ஆகவே இதை இரண்டு தனித்தனி வழக்குகளாகப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் விற்றவருக்கும் இடையே உள்ளது ஒன்று. அதில் நீங்கள் பணத்தையோ மாற்றுச் சேலையையோ கேட்கலாம். விற்றவருக்கும் கூரியருக்கும் இடையே உள்ளது மற்றொன்று. அதில் அவர் இழப்பீடு கேட்க வேண்டும். இரண்டாவது முடியும் வரை முதலாவதை நிறுத்தி வைக்க விற்றவருக்கு உரிமை கிடையாது. "கூரியர் பணம் கொடுத்தால் தருகிறேன்" என்ற பதிலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

"நான் விற்பவன். அனுப்பியதற்கு ரசீது வைத்திருக்கிறேன். என் கடமை அதோடு முடிந்தது அல்லவா?"

இந்த எண்ணத்துக்குச் சட்டத்தில் ஓர் அடிப்படை இருக்கிறது. அதனால்தான் பலர் இதை உறுதியாகச் சொல்கிறார்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 39ஆம் பிரிவில், பொருளைக் கொண்டு சேர்ப்பவரிடம் ஒப்படைப்பதே வாங்கியவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கருதப்படும் என்கிறது. அதே பிரிவின் அடுத்த பகுதியை யாரும் படிப்பதில்லை. பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஒப்பந்தத்தை விற்றவர் கூரியரோடு செய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டுப் பொருள் தொலைந்தால், அதை ஒப்படைப்பாக ஏற்க வாங்கியவர் மறுக்கலாம், அல்லது நட்ட ஈடு கேட்கலாம். 12,000 ரூபாய்ப் பட்டுச் சேலையை மிகக் குறைந்த கட்டணத்தில், காப்பீடு இல்லாமல் அனுப்பிவிட்டு இந்தப் பிரிவின் முதல் பகுதியை மட்டும் காட்டுவது எடுபடாது.

மேலும், "வீடு வரை கொண்டு சேர்ப்போம்" என்று சொல்லி விற்றால் அது நீங்களே செய்துகொண்ட ஒப்பந்தம்; சட்டத்தின் பொதுவிதியை அது மாற்றிவிடும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் இருக்கின்றன. இணையச் சந்தை ஒன்றில் விற்பவர், சொன்ன காலக்கெடுவுக்குள் பொருள் சேராவிட்டால் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்கின்றன அவை. ஒரே ஒரு நிலையில் உங்கள் வாதம் வலுவாக நிற்கும்: வாங்கியவர் தாமே ஒரு வண்டிக்காரரையோ கூரியரையோ ஏற்பாடு செய்து உங்கள் வாசலுக்கு அனுப்பி எடுத்துக்கொண்டால், ஒப்பந்தம் அவருடையது. தொலைந்தால் இழப்பீடு கேட்க வேண்டியவரும் அவர்தான்.

"இரண்டு நாளாக ஒரே இடத்தைக் காட்டுகிறது. தொலைந்ததாக எடுத்துக்கொள்ளலாமா?"

அவசரப்பட வேண்டாம். கடைசியாக எந்த ஊரில் ஸ்கேன் ஆனது என்று பாருங்கள். வண்டியில் ஏறியதாகப் பதிவாகி அடுத்த ஊரில் இறங்கியதாகப் பதிவாகவில்லை என்றால், பெரும்பாலும் வேறு வழித்தடத்துக்கு மாறிப் போயிருக்கும். சில நாட்களில் தானே வெளிப்படும். வாங்கியவரின் ஊருக்கே வந்து, அங்கே நின்றுவிட்டிருந்தால் முகவரியையும் கைபேசி எண்ணையும் சரிபாருங்கள்.

ஆனால் காத்திருக்கும்போதே புகார் எண் ஒன்றை வாங்கிவிடுங்கள். சொன்ன தேதி தாண்டியதும் எழுத்தில் புகார் கொடுத்து எண் பெறுவது, தொலைந்தது என்று முடிவு கட்டுவது ஆகாது. பின்னால் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் தொடக்கம். தொலைபேசியில் பேசியது பதிவாக நிற்காது.

"கூரியர் பதிவுச் சீட்டான டாக்கெட்டில் மதிப்பு 8,400 ரூபாய் என்று எழுதினேன். தொலைந்தால் 8,400 வந்துவிடும், சரிதானே?"

வராது. என்னிடம் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த ஓர் இடத்தில்தான் ஏமாந்து நிற்கிறார்கள். அதனால் இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

தனியார் கூரியர்கள் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்டவை. சாலைவழியே வீட்டுக்கு வீடு பொருள் கொண்டு சேர்க்கும் கூரியர்களை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதன் 10ஆம் பிரிவும் 2011ஆம் ஆண்டின் விதிகளும் சொல்வது இது: எழுதிய மதிப்பு வரை கூரியரே பொறுப்பேற்பதற்காக வாங்கும் அதிக ஆபத்துக் கட்டணத்தை அனுப்புநர் கட்டாதபோது, கூரியரின் பொறுப்பு அவர் வாங்கிய கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரைதான். அந்தப் பத்து மடங்கும், படிவத்தில் எழுதிய மதிப்பைத் தாண்டக் கூடாது.

இளம்பிள்ளையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரண்டு சேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலைகளின் விலை 8,400 ரூபாய். கூரியர் கட்டணம் 120 ரூபாய். மதிப்பு 8,400 என்று எழுதி, கூடுதல் கட்டணம் எதுவும் கட்டவில்லை. தொலைந்தால் 120ஐப் பத்தால் பெருக்குங்கள்: 1,200 ரூபாய். மீதி 7,200 ரூபாயை நீங்கள்தான் தாங்க வேண்டும். டாக்கெட்டில் 8,400 என்று எழுதியிருந்தும் இதுதான் நிலை.

இப்போது அதே பார்சலுக்கு அதிக ஆபத்துக் கட்டணமும் கட்டினீர்கள் என்று வையுங்கள். விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 168 ரூபாய். டாக்கெட்டில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்ற கட்டத்துக்குப் பதிலாக 'கேரியர்ஸ் ரிஸ்க்' என்ற கட்டத்தில் குறி விழும். அப்போதுதான் 8,400 வரை கேட்கும் உரிமை வருகிறது. நீங்கள் எழுதும் மதிப்பு ஒரு மேல்வரம்பு மட்டுமே. அந்த வரம்பு வரை பணம் வருமா என்பதைக் கூடுதல் கட்டணமோ காப்பீடோதான் முடிவு செய்கிறது. ரசீதைக் கையில் வாங்கியதும் எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று பாருங்கள். கவுன்ட்டரில் இருப்பவர்கள் கேட்காமலேயே 'ஓனர்ஸ் ரிஸ்க்' கட்டத்தில் குறி போட்டுவிடுவது வழக்கம்.

"எழுதினாலும் எழுதாவிட்டாலும் 1,200தான் என்றால் 500 என்று போட்டுவிடுகிறேனே? எதற்கு வம்பு?"

500 என்று போட்டால் 1,200கூட வராது. பத்து மடங்கு என்பது எழுதிய மதிப்பைத் தாண்டக் கூடாது என்று மேலே சொன்னது இங்கேதான் கடிக்கிறது, 500ஓடு நின்றுவிடும். மதிப்பைச் சரியாக எழுதித் தர வேண்டிய பொறுப்பும் அந்தச் சட்டப்படி அனுப்புநருடையதே. பின்னால் 8,400க்கு பில்லைக் காட்டினால் "நீங்களே கையெழுத்திட்ட மதிப்பு 500" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கட்டத்தைக் காலியாக விட்டாலும் வழக்காடுவதற்கான பிடி உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

"அப்படியானால் 20,000 என்று கூட்டி எழுதிக் காப்பீடும் கட்டிவிட்டால்?"

கூடுதலாகக் கட்டிய கட்டணம்தான் வீண். இழப்பீடு என்பது இழந்ததை ஈடு செய்வது. பில், வாங்கியவர் செலுத்திய பணத்தின் பதிவு, நெசவாளரிடம் நீங்கள் கொள்முதல் செய்த சீட்டு ஆகியவற்றைக் கேட்பார்கள். அவை 8,400 என்று காட்டினால் அதற்கு மேல் ஒரு ரூபாயும் வராது. பில்லுக்கும் எழுதிய மதிப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் கோரிக்கை முழுவதையுமே சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பில்லில் உள்ள தொகையையே எழுதுங்கள்.

"கூரியரில் கட்டும் கூடுதல் தொகையும், இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசியும் ஒன்றுதானா?"

வேறு வேறு. 'கேரியர்ஸ் ரிஸ்க்' கட்டணத்தில் பொறுப்பேற்பது கூரியரே. பணம் தர வேண்டியதும் அவரே. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எடுக்கும் போக்குவரத்துக் காப்பீட்டில் பணம் தருவது இன்சூரன்ஸ் நிறுவனம். மாதந்தோறும் நிறையப் பார்சல் அனுப்புபவர்கள் ஆண்டு முழுவதற்கும் திறந்த பாலிசியாக எடுத்துக்கொள்ளலாம். சில கூரியர்கள் கவுன்ட்டரிலேயே 'இன்சூரன்ஸ்' என்ற பெயரில் தொகை வாங்குவார்கள். அது எந்த வகை என்று கேட்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் தரச் சொல்லுங்கள். தர முடியாவிட்டால் அது கூரியரின் சொந்த ஏற்பாடு என்று புரிந்துகொள்ளலாம்.

பாலிசி இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, உங்கள் இடத்தில் நின்று கூரியரிடம் அதை மீட்கப் பார்க்கும். ஆகவே "பாலிசி இருக்கிறதே" என்று கூரியருக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்பாமல் விட்டால் அவர்களின் அந்த உரிமை கெடுகிறது. அதையே காரணம் காட்டி உங்கள் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் உண்டு. பார்சல் தொலைந்ததைக் கூரியர் நிறுவனமே எழுதித் தரும் சான்றும் வேண்டும். கூரியர் வட்டாரத்தில் அதை 'சி.ஓ.எஃப்.' என்பார்கள். கேட்டால்தான் தருவார்கள், விடாமல் கேட்க வேண்டும்.

"தபால் ஆபீஸில் அனுப்பினால் அரசாங்கம் பொறுப்பு. அது பாதுகாப்பானது இல்லையா?"

சேர்ப்பதில் தபால்துறையை நான் நம்புகிறேன். குக்கிராமத்துக்கும் போய்ச் சேரும் சேவை வேறு இல்லை. இழப்பீடு என்று வரும்போது நிலைமை தலைகீழ். மேலே சொன்ன 2007ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்குப் பொருந்தாது. அஞ்சல் துறைக்குத் தனிச் சட்டம். 1898ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் அஞ்சல் அலுவலகச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. துறை தானே விதித்து ஏற்றுக்கொண்ட பொறுப்பைத் தவிர வேறு பொறுப்பு இல்லை என்பது இரண்டிலும் மாறாத அடிப்படை.

ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய பார்சல் தொலைந்தால், துறை ஏற்றுக்கொண்டிருப்பது கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. 8,400 ரூபாய்ச் சேலைக்கு 95 ரூபாய் கட்டணம் என்றால் கிடைப்பது 190 ரூபாய். பதிவு செய்யும்போதே காப்பீடு கேட்டுப் பெற்றால், காப்பீடு செய்த தொகை வரை, உண்மையான மதிப்பைத் தாண்டாமல் கிடைக்கும். காப்பீட்டுப் பார்சலை வாங்குமுன் கட்டும் முத்திரையும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகாரை indiapost.gov.in தளத்திலோ 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கொடுக்கலாம். புகாரை வாங்கியவரும் கொடுக்கலாம்; ஆனால் இழப்பீடு அனுப்புநருக்குத்தான். பதில் வராவிட்டால் pgportal.gov.in தளத்தில் முறையிடலாம். அஞ்சல் துறை நடத்தும் டாக் அதாலத் முகாமுக்கும் மனு எழுதலாம்.

"ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'எங்கள் பொறுப்பு 100 ரூபாய் மட்டுமே' என்று இருக்கிறது. இது செல்லுமா?"

கையெழுத்திட்டிருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாரதி நிட்டிங் கம்பெனிக்கும் டி.எச்.எல். கூரியருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு இன்றும் கூரியர்களின் கேடயம். ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவண உறை போய்ச் சேரவில்லை. அனுப்பியவர்களுக்குப் பெரிய இழப்பு. ஆனால் அவர்கள் கையெழுத்திட்ட படிவத்தில் பொறுப்பு 100 டாலர் என்று வரம்பு இருந்தது. கையெழுத்திட்டவரை அந்த வரம்பு கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அனுப்புநர் கையெழுத்தே இல்லாத ரசீதில், யாரும் எடுத்துச் சொல்லாத பொடி எழுத்து நிபந்தனை கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் தீர்ப்பளித்திருக்கின்றன. அந்த 1996ஆம் ஆண்டு வழக்குக்குப் பிறகு வந்தது, முன்பு சொன்ன பத்து மடங்கு விதி. ஆகவே 100 ரூபாய் என்ற வரியைப் பார்த்ததும் மனம் தளர்ந்து விட்டுவிட வேண்டாம். உங்கள் கடிதத்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவைக் குறிப்பிட்டே தொகையைக் கேளுங்கள்.

"கடிதமா? புகார் எண் இருக்கிறதே, போதாதா? எத்தனை நாளுக்குள், என்ன எழுத வேண்டும்?"

போதாது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, பார்சல் பதிவான தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலமான அறிவிப்பு கூரியருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் வழக்கே தொடர முடியாது. நாள் எண்ணுவது பதிவு செய்த தேதியிலிருந்து. தொலைந்தது தெரிந்த தேதியிலிருந்து அல்ல. "தேடுகிறோம், தேடுகிறோம்" என்று நான்கு மாதம் இழுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூரியரின் சொந்த நிபந்தனைகளில் 30 நாள் போலக் குறுகிய கெடுவும் இருக்கும். அதற்குள்ளேயே அனுப்பிவிட்டால் அந்தத் தகராறே எழாது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "தங்கள் நிறுவனத்தில் இன்ன தேதியில், இன்ன டாக்கெட் எண்ணில், 8,400 ரூபாய் மதிப்புள்ள இரண்டு சேலைகள் அடங்கிய பார்சலை நாகர்கோவிலுக்குப் பதிவு செய்தேன். இன்று வரை பெறுநருக்குச் சேரவில்லை. புகார் எண் இது. பார்சல் தொலைந்ததாகக் கருதி, இந்தத் தொகையை இழப்பீடாகக் கோருகிறேன். இதை 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பாகக் கொள்ளவும்." ரசீது நகல், பில், பணம் வந்த பதிவு, பார்சலைக் கட்டும்போது எடுத்த படம், வங்கி விவரம் ஆகியவற்றை இணையுங்கள்.

வாங்கியவரின் பங்கு இங்கேதான் வருகிறது. "இந்த எண்ணுள்ள பார்சல் எனக்குக் கிடைக்கவில்லை" என்று தேதியிட்டு, கையெழுத்திட்டு ஒரு தாள் எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் கோரிக்கை நகராது. வாங்கியவர்கள் இதைத் தர மறுத்துக் கோபித்துக்கொள்வது உண்டு. தந்தால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. கூரியரின் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும்.

"ஆன்லைனில் 'டெலிவரி ஆனது' என்று காட்டுகிறது. அம்மா வீட்டிலேயேதான் இருந்தார், யாரும் வரவில்லை. இனி யார் பேசுவது?"

இருவரும் அன்றைக்கே பேச வேண்டும். இந்த ஒரு நிலையில் தாமதம்தான் எதிரி. வாங்கியவர் அக்கம்பக்கம், காவலாளி, கீழ்த்தளக் கடை என்று விசாரித்துவிட்டு, விற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விற்றவர் கூரியரிடம் 'பி.ஓ.டி.' எனப்படும் ஒப்படைப்புச் சான்றைக் கேட்க வேண்டும்: யார் கையெழுத்து, எந்த நேரம், ஓ.டி.பி. பெறப்பட்டதா, படம் எடுத்தார்களா. கையெழுத்து ஒரு கிறுக்கலாகவும், பெயர் இல்லாமலும் இருந்தால் அதையே கடிதத்தில் சுட்டிக்காட்டி, வாங்கியவரின் அடையாள அட்டைக் கையெழுத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தவறான ஆளிடம் கொடுத்ததும் தொலைத்ததற்குச் சமம்தான். கோரும் முறை முந்தைய பதிலில் சொன்னதே.

"அமேசானில் வாங்கினேன். அங்கேயும் இதே கதையா?"

வாங்கியவருக்கு அங்கே வேலை எளிது. ஆர்டர் பக்கத்தில் 'வரவில்லை' என்று தெரிவித்துப் பணத்தைக் கேட்டால் போதும். பாடு விற்பவருக்கு: வாங்கியவருக்குப் பணம் திரும்பிய பிறகு, தளத்தின் விற்பனையாளர் பக்கத்தில் கோர வேண்டும். அமேசானில் அதன் பெயர் SAFE-T. ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு, தாண்டினால் திறக்காது. பல கூரியர்களை ஒரே இடத்தில் பதிவு செய்து தரும் செயலிகள் வழியாக அனுப்புபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் அந்தச் செயலியோடு, கோரிக்கையும் அங்கேதான். இழப்பீட்டு வரம்பு அதன் நிபந்தனைகளில் இருக்கும். காப்பீடு என்பது பெரும்பாலும் ஒவ்வொரு பார்சலுக்கும் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒன்று.

"லண்டனில் இருக்கும் அக்காவுக்குச் சேலை அனுப்பினோம். சுங்க வரி வேண்டாம் என்று மதிப்பைக் குறைத்துப் போட்டோம். இப்போது காணவில்லை."

சுங்கப் படிவத்தில் எழுதிய தொகைதான் இனி உங்கள் வாயிலிருந்து வந்த சாட்சியம். அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அந்தப் படிவமே உங்களுக்கு எதிராக நிற்கும். பொய் மதிப்பு எழுதியதை ஒப்புக்கொண்டதும் ஆகிவிடும். வரிக்கு ஒரு விலை, இழப்பீட்டுக்கு ஒரு விலை என்று இரண்டு விலை வைத்துக்கொள்ள முடியாது.

அஞ்சலில் அனுப்பியிருந்தால் உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகள் பொருந்தும். அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கேட்க வேண்டும். தொலைந்தால் ஈடு பெறும் உரிமை அனுப்புநருக்கு. ஆனால் அவர் எழுத்தில் விட்டுக்கொடுத்தால் பெறுநரே பெற்றுக்கொள்ளலாம். பணம் கட்டி வாங்கியவர் வெளிநாட்டில் இருக்கும்போது இது நல்ல வழி.

"அண்ணா, வாங்கியவரே 'இன்சூரன்ஸ் எதற்கு, 168 ரூபாய் தண்டம்' என்றார். இப்போது பணத்தைக் கேட்கிறார். தர வேண்டுமா?"

அவர் சொன்னது வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி. "காப்பீடு இல்லாமல் அனுப்பினால் தொலையும்போது 1,200 ரூபாய்தான் கிடைக்கும், மீதி உங்கள் பொறுப்பு, சம்மதமா?" என்று தொகையோடு நீங்கள் கேட்டு, அவர் "சம்மதம்" என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலு உண்டு. அப்போதும் கூரியரிடமிருந்து வரும் 1,200 அவருக்கே போக வேண்டும். வாய்ப்பேச்சாக இருந்தாலோ, ஆபத்து என்ன என்பதைச் சொல்லாமல் "வேண்டுமா வேண்டாமா" என்று மட்டும் கேட்டிருந்தாலோ, நியாயமான ஒப்பந்தம் செய்ய வேண்டியது விற்பவர் கடமை என்ற பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

என் கருத்து: காப்பீட்டுத் தொகையைத் தனி வரியாகக் காட்டாமல் விலையிலேயே சேர்த்துவிடுங்கள். தேர்வு என்று கொடுத்தால் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

"நான் வியாபாரி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எனக்கு உரிமை உண்டா?"

வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொதுவிதி. ஆனால் தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது. அந்த விலக்கின் வாசகம் வாங்கிய பொருளை மட்டுமே சொல்கிறது, பெற்ற சேவையைச் சொல்லவில்லை. ஆகவே வீட்டில் தனியாகச் சேலை விற்றுப் பிழைக்கும் ஒருவர் இதற்குள் வருவதாக வாதிடலாம், உறுதி இல்லை. பத்துப் பேரை வேலைக்கு வைத்து நடத்தும் நிறுவனம் வருவது கடினம், அது உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வாங்கியவர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருந்தால் விற்றவர்மீது புகார் கொடுப்பதில் தடையே இல்லை. சேவையின் பயனாளி என்ற முறையில் கூரியரையும் சேர்க்கலாம். 

முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல தகராறுகள் அங்கேயே தீர்கின்றன. அதில் முடியாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

"இழப்பீடு வாங்கி, வாங்கியவருக்கும் பணம் திருப்பிவிட்டோம். இரண்டு மாதம் கழித்துப் பார்சல் அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. யாருடையது?"

வாங்கியவர் பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டதால் சேலை அவருடையது அல்ல. அவர் பிரிக்காமல் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சேலை வேண்டுமென்றால் விலையை மறுபடி உங்களுக்கு அனுப்பலாம்.

விற்றவரும் அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. முழு மதிப்பும் இழப்பீடாகப் பெற்றிருந்தால், பொருள் கிடைத்த செய்தியைப் பணம் தந்த கூரியருக்கோ இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கோ எழுதித் தெரிவித்து, தொகையைத் திருப்ப வேண்டுமா, பொருளை ஒப்படைக்க வேண்டுமா என்று கேளுங்கள். பத்து மடங்குக் கணக்கில் 1,200 மட்டும் பெற்றிருந்தால் அந்த 1,200ஐத் திருப்பிவிட்டுச் சேலையை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தில் வாங்கிய பதிலைக் கோரிக்கைக் காகிதங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.